எரிக்க ஒன்றுமில்லாத வீடு

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் வீட்டில், போகிக்கு எரிக்கப் பழைய சாமான் தேடுவது பெரும்பாடு. வீட்டில் பழையது இல்லை என்பதல்ல, இருந்ததெல்லாம் பழையதுதான். ஆனால் ஆயா எதையும் கழிந்துபோனது என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். தேய்ந்த துடைப்பத்தைத் தூக்கினால், "அது மாட்டுக் கொட்டாய்க்கு ஆவும், வச்சிட்டுப் போ" என்பாள். விளிம்பு பிய்ந்த முறத்தைத் தொட்டால், சாணி மெழுகினால் இன்னும் ஒரு அறுப்புக்கு ஆவும். கடைசியில் மார்கழிக் கடைசி நாள் விடியற்காலையில், ஊரே தீ மூட்டும்போது, எங்கள் வாசலில் நாலு பனையோலை, இரண்டு வரட்டி, பாயிலிருந்து உதிர்ந்த கோரைத்தூள் ஒரு கை. இதற்கே ஆயா முகம் சுளிப்பாள். வரட்டியில் ஒருவேளைச் சோறு வெந்திருக்குமே.

அந்தத் தீயால் ஆன உருப்படியான வேலை ஒன்று உண்டென்றால், போகி மேளத்தின் தோலைச் சூடுகாட்டி முறுக்கேற்றியதுதான். பனியில் தோல் தொய்ந்துபோகும். தீயின் மேல் இப்படியும் அப்படியும் திருப்பினால் விறைத்துக்கொள்ளும். பிறகு குச்சியால் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றுவோம். விடிவதற்குள் தீ அணைந்துவிடும். சாம்பலைக் கூட ஆயா விடமாட்டாள். பாத்திரம் துலக்க ஆகும்.

இதையெல்லாம் கேட்கிறவர்கள், ஆயாவுக்குச் சுற்றுச்சூழல் உணர்வு இருந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு கூட்டத்தில் அப்படியே சொல்லிக் கைதட்டலும் வாங்கினார் ஒருவர். அவளுக்கு இருந்தது தரித்திரம். கூடவே, எந்தப் பொருள் அடுத்து எங்கே போகும் என்கிற துல்லியமான கணக்கு. அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பில் இற்றுப்போனால், நல்ல பகுதி இரண்டு துண்டாகும். துண்டு கிழிந்தால் பிள்ளைக்குத் துணி. பிள்ளை வளர்ந்தால் அது அடுப்பங்கரையில் கரித்துணி. கரித்துணியாகாமல் தப்பிய ஓரம் விளக்குத் திரி. ஆக, வேட்டி கடைசியில் எரியத்தான் செய்தது. ஒரே விடியலில் அல்ல, அந்திக்கு ஒரு திரியாக, வெளிச்சம் கொடுத்துக்கொண்டு.

பாயும் அப்படித்தான். ஏரிக்கரைக் கோரையை அறுத்து, கிழித்து, காயவைத்து நெய்த பாய். குறுக்கே போவது கோரை, நெடுக்கே ஓடும் பாவு பருத்தி நூலோ சணலோ. புதுப்பாய் விருந்தாளிக்கு. மறுவருஷம் அது எங்கள் படுக்கை. ஓரம் பிரிந்ததும் மிளகாய் காயப்போட. நடுவில் ஓட்டை விழுந்ததும் கன்றுக்குட்டிக்குக் கீழே. அங்கே மூத்திரத்திலும் சாணியிலும் ஊறி, வாரியெடுக்கும் பதத்துக்கு வந்தால் எருக்குழி. அடுத்த நடவுக்கு அது வயலில். பாயை எரிக்கலாம் என்று ஆயாவிடம் யாராவது சொல்லியிருந்தால், எருவை எரிக்கச் சொல்கிற பைத்தியம் எது என்று திரும்பிப் பார்த்திருப்பாள்.

டயர்? டயர் வண்டி வைத்திருந்தது ஊரில் இரண்டே வீடு. தேய்ந்த டயர் செருப்பு தைப்பவரிடம் போகும். அடி தேயாத செருப்பாகத் திரும்பி வரும். சைக்கிள் டயர் எங்களுக்கு. குச்சியால் தட்டி உருட்டி, ரப்பர் உரிந்து கம்பி தெரியும்வரை ஓட்டுவோம். ஒரு டயரைக் கொளுத்துவதென்றால் முதலில் எங்களில் ஒருவனைக் கொளுத்தியிருக்க வேண்டும்.

இப்போது ஆதம்பாக்கத்தில் எங்களுக்குச் சொந்த வீடு, மூன்று பரண். நாங்கள் முன்னேறிவிட்டோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆயா சொன்ன 'ஆவும்' என்ற வார்த்தையும் எங்களோடு நகரத்துக்கு வந்துவிட்டது. என் மகன் ஸ்கூட்டருக்குப் புது டயர் போட்டுவிட்டு, பழைய இரண்டையும் "எதுக்காவது ஆகும்ப்பா" என்று வீட்டுக்குக் கொண்டுவந்தான். எதற்கு என்று கேட்டேன். அது அவனுக்குத் தெரியாது. ஆயாவுக்குத் தெரியும், வித்தியாசம் அவ்வளவுதான். அவளுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் அடுத்த இடம் இருந்தது. எங்களுக்குப் பரண் இருக்கிறது.

பரண் நிரம்பினால் போகி வரும். எங்கள் தெருவில் அந்த விடியலைப் பார்த்திருக்கிறேன். வாசல்தோறும் தீ என்பதெல்லாம் போய், தெருமுனையில் ஒரே தீ. உள்ளே பிளாஸ்டிக் பாய், சிந்தடிக் சேலை, ரெக்சின் பை, தலையணை, அடியில் அஸ்திவாரமாக டயர். டயர் வேண்டும் என்று பிள்ளைகள் அலைவதற்குக் காரணம் உண்டு: பனித்துளியில் நனைந்த துணியும் பாயும் பிடிக்காமல் அணைந்துபோகும், டயர் ஒருமுறை பிடித்துவிட்டால் ஒரு குடம் தண்ணீருக்கு மசியாது. எரிவதற்கு எண்ணெயைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிற பொருள் அது. ரப்பரில் கணிசமான பங்கு கரித்தூள், கூடவே ரப்பரை இறுக வைக்கச் சேர்த்த கந்தகம். தெருத்தீயில் காற்று போதாது, சூடும் போதாது. பாதி எரிந்தும் எரியாமலும் அது கரும்புகையாகக் கிளம்பும். தொண்டையைப் பிடித்துக்கொள்கிற அந்த நெடி கந்தகத்தினுடையது. கண்ணுக்குத் தெரியாத பென்சீன் வகையறாக்களும் அதில் உண்டு.

பொங்கலன்று காலையில் கோலம் போட வருகிறவர்கள் பார்ப்பது வேறு. இரு சக்கர வாகன டயரின் இரண்டு விளிம்பிலும் விளிம்புக்கு ஒன்றாக இரும்புக் கம்பி வளையம் இருக்கும். ரப்பர் எரிந்துபோனாலும் வளையம் போகாது. தெருவில் கிடக்கும் கருத்த வளையங்களை எண்ணி இரண்டால் வகுத்தால் முந்தின நாள் எத்தனை டயர் எரிந்தது என்று சொல்லிவிடலாம். அடுத்த சில வாரங்கள் பஞ்சர் கடைக்கு நல்ல வியாபாரம்.

அந்தப் புகை ஏன் உடனே போகாமல் தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறது? சாதாரணமாகத் தரையோரக் காற்று சூடாக இருக்கும். சூடான காற்று மேலே ஏறும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போகும். தை மாதத்துக்கு முந்தைய விடியல்களில் இது தலைகீழ். இரவெல்லாம் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிக் கிடக்கும்; அதற்கு மேலே சற்றுச் சூடான அடுக்கு ஒன்று மூடிபோல் நிற்கும். புகை மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். காற்றும் வீசாது, பனித்துளி வேறு புகைத்துகளோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். நாம் தீ மூட்ட நாலு மணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பனையோலையும் வரட்டியும் எரிந்த காலத்தில் மூடிக்குக் கீழே அதிகமாக ஒன்றும் இல்லை என்பதால் முன்னோர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் பேட்டை விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதால் இதன் பலன் எங்களுக்கு நேரடியாகவே தெரியும். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்ததில், சென்னை விமானங்கள் தாமதமாயின. சில இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பொங்கலுக்கு அப்பா அம்மாவைப் பார்க்க வந்தவர்கள், தலைக்கு மேலே வட்டமடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். இத்தனைக்குப் பிறகும், பழையது கழிய வேண்டும் என்பதற்குப் பலரும் நன்னூலைத் துணைக்கு அழைப்பார்கள். பவணந்தி முனிவர் அந்தச் சூத்திரத்தைச் சொன்னது சொற்களைப் பற்றி, டயரைப் பற்றியல்ல.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் 'புகையில்லா போகி' என்று கேட்டுக்கொள்கிறது. டயர், பிளாஸ்டிக் எரிக்க உயர் நீதிமன்றத் தடையும் இருக்கிறது. திடக்கழிவு விதிகளோ, குப்பையைத் தெருவில் எரிப்பது மட்டுமல்ல, புதைப்பதும் கூடாது என்கின்றன. எங்கள் தெருமுனையில் ஒரு வருஷம் 'புகையில்லா போகி' என்று பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். வைத்தவர் படம் அதில் போகியைவிடப் பெரிது. மறு வருஷம் தெருத்தீயில் முதலில் விழுந்தது அதுதான். ஃப்ளெக்ஸ் பி.வி.சி. ரகம், அதிலிருக்கும் குளோரின் எரியும்போது டயரைவிட மோசமான விஷங்களைக் கொடுக்கும். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம்.

இந்த வருஷம் பரணை இறக்கிக் கூடத்தில் பரப்பினோம். தீயில் போடாமல் இதையெல்லாம் எங்கே அனுப்புவது என்பதுதான் கேள்வி. மனைவி முதலில் சொன்ன யோசனை, இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் அதுதான். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் எந்த முதியோர் இல்லத்துக்காவது போய்ப் பாருங்கள்: பொத்தான் இல்லாத சட்டை, அழுக்கு ஒட்டிய தலையணையுறை, ஒற்றைக் காலுறை என்று மூட்டை மூட்டையாய்க் குவிந்திருக்கும். அவற்றைப் பிரித்துத் தூக்கியெறிய அவர்கள்தான் ஆள் தேட வேண்டும். பல ஊர்களில் வைத்த அன்புச் சுவர்களும் சில மாதங்களில் குப்பைச் சுவர்களாயின. நமக்கு உறுத்தாமல் கழிகிறது என்பதால் அது தானம் ஆகிவிடாது. துவைத்து, இஸ்திரி போட்டு, நாமே இன்னொரு முறை உடுத்திக்கொள்ளும் நிலையில் இருப்பது மட்டும் ஒரு சின்ன மூட்டையாயிற்று. மீதி மலை அப்படியே நின்றது.

மலையைப் பிரிக்க ஒரே வழிதான் உண்டு: எது பருத்தி, எது பாலியஸ்டர் என்று தெரிய வேண்டும். சட்டை லேபிளை நம்பினால் ஏமாந்தோம். பாதி லேபிள் துவைத்தே அழிந்துபோயிருக்கும். இதற்கு மில்காரர்கள் செய்கிற சோதனை ஒன்று இருக்கிறது. துணியின் ஓரத்திலிருந்து ஒரு விரல் நீள நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் நெருப்புக் காட்ட வேண்டும். பருத்தி காகிதம்போல் சட்டென்று பற்றும், காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி ஓடும், உருகும், ஆறியதும் நுனியில் கருத்த கெட்டி உருண்டை நிற்கும்; நசுக்கினால் நசுங்காது. இரண்டும் கலந்த டெரிகாட்டன் என்றால் சாம்பலும் வரும், நடுவே கெட்டியாக ஏதோ தட்டுப்படும்.

இதில் இரண்டு இடத்தில் கோட்டைவிடலாம். தையலிலிருந்து நூலை எடுக்கக் கூடாது. சட்டை சுத்தப் பருத்தியாக இருந்தாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். இன்னொன்று, நெடுக்கு நூல் ஒன்றும் குறுக்கு நூல் ஒன்றும் தனித்தனியே உருவிப் பார்க்க வேண்டும்; பாவு பருத்தி, ஊடு பாலியஸ்டர் என்று நெய்த துணி கடையில் ஏராளம். என் மனைவி 'சுத்தக் காட்டன்' என்று இத்தனை வருஷம் கட்டிவந்த ஒரு சேலை இந்தச் சோதனையில் உருண்டையாய் நின்றது. கடைக்காரர் பெயரை அப்போது அவள் சொன்ன விதத்தை எழுதுவதற்கில்லை. ஆக, போகிக்கு எரிக்க வேண்டியது நூல் அளவுதான் என்று ஆனது. ஆயா ஒத்துக்கொண்டிருப்பாள்.

பருத்திக்குப் போகும் இடம் உண்டு. பனியன், வேட்டி, பழைய படுக்கை விரிப்பு எல்லாம் தெருமுனை மெக்கானிக் கடைக்கு. அவர்கள் திருப்பூர்க் கழிவான பனியன் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். எண்ணெயை உறிஞ்சுகிற துணி அவர்களுக்குத் தினமும் தேவை. ஆனால் அப்படியே மூட்டையாய்க் கொண்டுபோய்ப் போட்டால் வாங்க மாட்டார்கள். பொத்தான், ஹூக், ஜிப், எலாஸ்டிக் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிதாகத் துண்டுபோட வேண்டும். ஒரு ஹூக் தப்பினாலும் துடைக்கிற பாகத்தில் கீறல் விழும். பாலியஸ்டர் கலந்தால் இன்னும் கோபப்படுவார்கள்: எண்ணெயை உறிஞ்சாமல் இழுத்துப் பூசும், சூடான என்ஜினில் பட்டால் உருகி ஒட்டும். கடைப்பையன் நான் கொண்டுபோன துண்டுகளில் ஒன்றை எடுத்து, தரையில் சிந்தியிருந்த ஆயிலின் மேல் போட்டு, காலால் ஒரு இழுப்பு இழுத்தான். தரை துடைபட்டது. "இது ஓகே சார், அந்தப் பூப்போட்டதை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றான். நூல் எரிக்காமலேயே கண்டுபிடித்துவிட்டான்.

அந்தப் பூப்போட்டதுதான் சிக்கல். சிந்தடிக் சேலை மக்காது, உறிஞ்சாது, கிழியவும் கிழியாது. யோசித்தால் கயிற்றுக்கும் மிதியடிக்கும் வேண்டிய குணங்கள் இவைதான். ஐந்தரை மீட்டர் சேலையை நெடுக்கு வாக்கில் நாலு விரல் அகலத்துக்குக் கிழித்தால் பதினைந்து பட்டை வரும். மூன்று மூன்றாகச் சேர்த்துச் சடை பின்னினால் ஐந்து சடை. பின்னும்போது நீளம் சுருங்கி ஒவ்வொன்றும் நாலு மீட்டர் அளவுக்கு நிற்கும். ஒன்றின் நுனியில் இன்னொன்றைத் தைத்து, நத்தைபோல் சுற்றிச் சுற்றி, அடிப்பக்கம் சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டே போனால், ஒரு சேலைக்கு இரண்டடிக்குச் சற்றுக் குறைவான வட்டக் கால்மிதி. இழுத்துத் தைக்கக் கூடாது. இழுத்தால் நடுவில் தொப்பிபோல் எழும்பிக்கொள்ளும், பிறகு எந்தக் கனத்தை வைத்தாலும் படியாது. என் மனைவியின் முதல் கால்மிதி இப்போது பூந்தொட்டிக்குத் தொப்பியாக இருக்கிறது. எத்தனை கால்மிதி ஒரு வீட்டுக்கு வேண்டும் என்பதும் நியாயமான கேள்வி. இரண்டு சேலை கால்மிதி, ஒன்று கொடிக்கயிறு, மற்றவை மீதிக் குவியலுக்குத் திரும்பின.

அடுத்து பாய். மூன்று தினுசாக இருந்தன. ஊரிலிருந்து வந்த ஒரு பழைய கோரைப் பாய். கடையில் வாங்கிய சாயக் கோரைப் பாய்கள். சுருட்டினால் குடைபோல் நிற்கும் பிளாஸ்டிக் பாய்கள். கோரையென்றால் மண்ணுக்குத்தான் போகும் என்று நினைத்து, மக்கட்டும் என்று அப்படியே குப்பைக் குழியில் மடித்துப் போட்டால், அடுத்த பொங்கலுக்கும் மடித்தபடியே எடுக்கலாம். கோரைத் தண்டின் மேல் வழவழப்பான தோல் உண்டு, நீர் எளிதில் இறங்காது. தவிர, இப்போது விசைத்தறியில் வரும் பாய்களில் பாவு நூல் நைலான் அல்லது பிளாஸ்டிக். ஓரத்தில் தைத்த துணியும் நைலான். அதே நூல் சோதனையைச் செய்ய வேண்டும். பழைய பாயின் பாவு சாம்பலாயிற்று, கடைப் பாய்களினுடையது உருண்டையாயிற்று. உருண்டையாகிற பாயில் ஓரத்துணியை வெட்டிவிட்டு ஒவ்வொரு பாவு நூலையும் உருவினால் கோரை குச்சி குச்சியாகக் கழன்றுவிடும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான்.

கழன்ற கோரையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, சாணிக்கரைசலில் ஓர் இரவு ஊறப்போட்டு, காய்கறிக் கழிவோடு அடுக்கடுக்காகக் குழியில் போட்டால்தான் மக்கும். கோரை வெறும் சருகு இனம். பச்சைக் கழிவு சேராவிட்டால் சூடே எழும்பாது. கிளறும்போது கை பொறுக்காத சூடு இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். சும்மா கிடந்தால் பச்சையோ ஈரமோ போதவில்லை. மூன்று நாலு மாதம் ஆகும். குழி இல்லாதவர்கள் மூடாக்காகப் போடலாம். தென்னை, வாழையைச் சுற்றிப் பரப்பி மேலே மண் தூவினால் வெயிலில் ஈரம் காயாது. ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போட வேண்டும். ஒட்டிப் போட்டால் கரையான் பாயைத் தின்றுவிட்டு மரத்தின் மேல் ஏறும். சாயப் பாயைக் கீரைப் பாத்தியில் போடாமல் மரத்தடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டுக்குக் கன்றுக்குட்டி இல்லாததால், ஒரு கன்று சும்மா நின்றுகொண்டே செய்த வேலையை நாங்கள் அரிவாளும் வாளியும் வைத்துச் செய்தோம்.

பிளாஸ்டிக் பாயைக் காயலான் கடைக்காரர் தொடவே இல்லை. எடை இல்லை, வாங்க ஆளில்லை. முழுசாக இருந்தவற்றை வத்தல் காயப்போட மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டோம். அதற்கும் ஆயுசு உண்டு: வெயிலில் நாள்பட்டால் தொட்டதும் இழை இழையாக நொறுங்கும், அந்தத் துணுக்கு வத்தலோடு போகும். விரல் பட்டு வெள்ளைத்தூள் ஒட்டினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். நொறுங்கத் தொடங்கியிருந்தவை, ரெக்சின் பை, மிச்ச சேலைகள், டயர் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி வண்டிக்கு. சில ஆண்டுகளாகவே சென்னை மாநகராட்சி போகிக்கு முந்தைய நாட்களில் பழைய துணி, பாய், டயரையெல்லாம் தூய்மைப் பணியாளர்கள் மூலம் தனியே வாங்கிக்கொள்கிறது. தெருவிலேயே இதை அறியாதவர்கள் பாதிப்பேர். அறிந்தவர்களும் போகியன்று விடியற்காலையில்தான் நினைத்துக்கொள்வார்கள்.

டயரைப் பொறுத்தவரை, அது வீட்டுக்கே வந்திருக்கக் கூடாது. மாற்றும்போதே கடையில் விட்டுவிட்டு வந்தால் அதன் வழியில் அது போகும். 2022-இல் வந்த விதிகளின்படி, புது டயர் விற்கிற நிறுவனங்கள் கணக்குக் காட்டிப் பழைய டயரை மறுசுழற்சிக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அதனால் பழசுக்கும் வாங்க ஆள் உண்டு. பொடியாக்கினால் தார்ச்சாலைக்கான தாரில் கலக்கிறார்கள். சூடாக்கி எண்ணெய் எடுக்கிற ஆலைகளும் உண்டு. அவற்றில் ஒழுங்காக நடக்காதவை, நம் தெருப் புகையை இன்னோர் ஊருக்கு மாற்றிக் கொடுக்கிறவைதாம். வீட்டில் வைத்துத் தொட்டியாக்குகிறேன் என்பவர்கள் அடியில் துளை போட வேண்டும். கவிழ்ந்து கிடக்கும் டயரின் உள்மடிப்பில் நிற்கிற ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் போதும், டெங்குக் கொசுவுக்கு.

வண்டி வந்தபோது மேல்வீட்டு சாரும் இறங்கி வந்தார். ஓய்வுபெற்றவர், எதையும் சும்மா விடமாட்டார்.

"இதையெல்லாம் எடுத்துட்டுப் போய் என்ன சார் பண்ணுவான்?"

"ரீசைக்கிள் பண்ண முடியாததை சிமெண்ட் ஃபேக்டரிக்கு அனுப்புவாங்க சார். அரியலூர்ப் பக்கம்."

"அங்க?"

"சூளையில போட்டு எரிப்பாங்க."

அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது. "அங்கயும் எரிக்கத்தானே போறான்? அதை இங்கயே எரிச்சா லாரி வாடகை மிச்சம்."

கேள்வி அபத்தமல்ல. சிமெண்ட் சூளையில் சுண்ணாம்புக்கல் வெந்து சிமெண்டாக 1,450 டிகிரி வேண்டும். சுடர் அதைவிடச் சூடு. அந்த வெப்பத்தில் ரப்பரின் கனமான வாயுக்கள் பல விநாடி நின்று முழுசாக எரிந்துபோகின்றன. கந்தகம் தப்பி வெளியே போகாமல் சுண்ணாம்போடு சேர்ந்துவிடும். இரும்புக் கம்பிகூட வீணில்லை, சிமெண்டுக்கு எப்படியும் கொஞ்சம் இரும்பு வேண்டும். நிலக்கரி அந்த அளவுக்கு மிச்சம். நம் தெருத்தீ அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அதில் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ள நம் மூச்சுக்குழாய் மட்டும்தான் இருக்கிறது. இதைச் சுருக்கிச் சொன்னேன். அதற்காக சூளை ஒன்றும் புனிதமல்ல, வடிகட்டி சரியாக ஓடாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் பாடு திண்டாட்டம் என்றும் சொன்னேன். அவர் யோசித்தார். வண்டி கிளம்புவதற்குள் மாடிக்குப் போய் இரண்டு டயரும் ஒரு ரெக்சின் பெட்டியும் கொண்டுவந்து ஏற்றினார்.

"பாயை மட்டும் தரமாட்டேன். ஒரு பாயாவது எரிக்கலேன்னா போகி எப்படி? எங்கப்பா காலத்துலேருந்து நடக்குது."

எடுத்துவந்து காட்டினார். நன்றாக மங்கிய கோரை. பாவு நூலை ஒன்று உருவி நெருப்புக் காட்டினோம், சாம்பலாயிற்று. ஓரத்தில் தைத்திருந்த பச்சை நைலான் துணியை மட்டும் கத்திரியால் வெட்டி வண்டிக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாலு மணிக்கு வேண்டாம், வெயில் ஏறியபின் மூட்டுங்கள் என்றேன். எட்டரை மணிக்குப் பேரனை எழுப்ப முடிந்தால் பார்ப்பதாகச் சொன்னார்.